லோடு தாமதம்: வாட்ஸ்அப் பாணியில் எழுதியதை முறையான மெயிலாக மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கம் அரிசி ஆலை அலுவலகங்களில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் என்னிடம் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் ஒரே சங்கதியைப் பற்றியவை: சொன்ன தேதியில் லோடு போகவில்லை, அதை வாங்குகிற கடைக்குத் தெரிவிக்க வேண்டும். கார் நெல்லை அவித்துக் களத்தில் போட்டிருக்கும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொள்வது நம் பக்கத்தில் வழக்கம் என்பதால், இந்த மெயிலை எல்லா ஆலையிலும் யாராவது ஒருவர் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

அக்கா, வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டா அவரு பாத்துருவாரு. எதுக்கு மெயில்?

அவர் பார்ப்பார், சரி. ஆனால் அவரோடு அது நிற்பதில்லை. உங்கள் லோடு வராத செய்தியை அந்தக் கடையின் கொள்முதல் மேலாளர் குடோன்காரருக்குச் சொல்ல வேண்டும், குடோன்காரர் இறக்குகிற ஆட்களுக்குச் சொல்ல வேண்டும், கணக்குப் பிரிவு பில்லைத் தள்ளி வைக்க வேண்டும். மெயில் என்றால் அவர் ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அப்படியே அனுப்பிவிடலாம். உங்கள் மெசேஜை அனுப்பினால் கூடவே விளக்கமும் அவரே எழுத வேண்டியிருக்கும்.

சட்டப்படி மெயில்தான் செல்லும், வாட்ஸ்அப் செல்லாது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவுகளை ஏற்கிறது, இரண்டும் அதில் அடங்கும். வித்தியாசம் தேடி எடுப்பதில்தான். ஆறு மாதம் கழித்து ‘அந்த லோடு ஏன் தாமதம்’ என்று கேட்டால் மெயிலில் ஆர்டர் எண்ணைப் போட்டுத் தேடினால் கிடைத்துவிடும். ‘ஓகே சார்’களுக்கு நடுவே கிடக்கும் மெசேஜை எடுப்பது சிரமம், போன் மாறினால் அதுவும் இல்லை.

நான் எழுதுனதுல என்ன தப்பு? எல்லாமே உண்மைதானே எழுதியிருக்கேன்?

இதைக் கேட்ட பையன் எழுதியது இதுதான். திருச்சியில் ஒரு மொத்தக் கடைக்கு மெயிலாகப் போக இருந்தது.

> வணக்கம் சார்
> நேத்து லோடு போகல சார். இங்க ஒரே மழை
> 140 ரெடியா இருக்கு, மீதி பாத்துட்டு சொல்றேன்
> நாளைக்கு கண்டிப்பா அனுப்பிருவோம் சார்
> அந்த பழைய பில்லும் கொஞ்சம் பாருங்க 🙏🙏

பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதைத் திருச்சியில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். எந்த லோடு? அந்தக் கடை உங்களிடம் இரண்டு ஆர்டர் கொடுத்திருக்கலாம். 140 என்பது என்ன? மூட்டை என்று அவரே ஊகித்தாலும், 26 கிலோ பையா, 75 கிலோ சாக்கா என்று தெரியாது. இது சின்ன விஷயம் இல்லை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள, லேபிள் ஒட்டிக் கட்டிய அரிசிப் பைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதனால்தான் ஆலைகள் 26 கிலோ பைக்கு மாறின. எடை எழுதாத ‘140’ என்றால், எத்தனை கிலோ வருகிறது, பில்லில் வரி உண்டா இல்லையா என்ற இரண்டு கேள்விக்கும் அவரிடம் பதில் இல்லை.

அடுத்தது ‘நாளைக்கு’. நீங்கள் புதன்கிழமை எழுதுகிறீர்கள், அவர் வியாழன் காலையில் திறக்கிறார். அவருக்கு நாளை என்பது வெள்ளி. நாளைக்குப் போவது 140-ஆ, மொத்தமுமா என்பதும் அந்த வரியில் இல்லை. ‘கண்டிப்பா’ என்று எழுதினீர்களே, லாரி ஆபீஸில் கேட்டீர்களா என்றால், அந்தப் பையன் கேட்கவில்லை.

இவற்றை எல்லாம் விடப் பெரிய குறை ஒன்று உண்டு. இந்தத் தாமதத்தால் அவர் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது: இருப்பதை உடனே வாங்கிக்கொள்வதா, மொத்தமாக வரட்டும் என்று காத்திருப்பதா? அதை உங்கள் மெசேஜ் கேட்கவே இல்லை. கேட்காததால் அவர் போன் பண்ணுவார், போனில் பேசியது எழுத்தில் இருக்காது.

சரிக்கா, எங்க இருந்து ஆரம்பிக்க? முதல் வரியே வர மாட்டேங்கு.

முதல் வரியில் ஆரம்பிக்காதீர்கள். எழுதுவதற்கு முன் எழுந்து மூன்று பேரிடம் போய்வாருங்கள். முதலில் ஆலையில் மேஸ்திரி. எத்தனை பை கட்டி முடிந்தது, மீதிக்கு நெல் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். அவித்த நெல் ஈரப்பதம் 14 சதவீத அளவுக்கு வந்தால்தான் அரைக்கலாம், அதற்கு முன்னால் அரைத்தால் அரிசி சரியாக வராது. களத்தில் காயவைக்கிற ஆலையில் அது வெயிலின் கையில் இருக்கிறது. மேஸ்திரி ‘ரெண்டு நாள் வெயில் வேணும், அரைச்சுக் கட்ட ஒரு நாள்’ என்றால், புதன்கிழமைக் கணக்கில் சனிக்கிழமை என்று எழுதிவிடாதீர்கள். மேகம் இருக்கிறது, நடுவில் ஞாயிறும் இருக்கிறது. திங்கள் மாலை தயார், செவ்வாய் அனுப்புகிறோம் என்று மேஸ்திரியோடு பேசி முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது லாரி ஆபீஸ்: 140 பை ஏற்ற நாளை மாலை வண்டி உண்டா? மூன்றாவது முதலாளி. இரண்டு தடவையாக அனுப்பினால் லாரி வாடகை கூடும். அந்தக் கூடுதல் வாடகை யாருடையது என்பதை நீங்களாக எழுதக் கூடாது. தாமதம் நம்முடையது என்பதால் பெரும்பாலான முதலாளிகள் ‘நம்மளே கொடுத்துருவோம்’ என்பார்கள். ஆனால் அதை அவர் வாயால் கேட்ட பிறகுதான் எழுத வேண்டும்.

இப்போது கடைசி வரியை முதலில் எழுதுங்கள். அவர் எனக்கு என்ன பதில் தர வேண்டும், எத்தனை மணிக்குள்? அது தெளிவானால் மேலே எதைச் சொல்ல வேண்டும் என்பது தானே வந்துவிடும். அந்தப் பதிலைத் தர அவருக்குத் தேவைப்படாத வரி எதுவும் மெயிலில் வேண்டாம்.

சப்ஜெக்ட்ல ‘லோடு விஷயமாக’ன்னு போட்டேன். போதாதா?

போதாது. அவர் மெயிலைத் திறக்காமலே என்ன நடந்தது, தன்னிடம் எதிர்பார்ப்பது என்ன என்று தெரிய வேண்டும். ஆர்டர் எண், சரக்கு, நிலைமை, தேவை என்ற வரிசையில் எழுதலாம். போனில் முதல் சில சொற்கள்தான் தெரியும் என்பதால் ஆர்டர் எண் முன்னால் இருக்கட்டும். ‘அவசரம்’ என்று எழுத வேண்டாம். நேரக் கெடுவை எழுதினாலே அவசரம் புரிந்துவிடும்.

முழு மெயிலையும் ஒரு தடவை எழுதிக் காட்டுங்கக்கா.

மூன்று பேரிடமும் போய்வந்த பிறகு, அதே பையனும் நானும் உட்கார்ந்து எழுதியது:

> Subject: ஆர்டர் 0417, அம்பை 16 புழுங்கல்: 140 பை தயார், 60 பை தாமதம், இன்று மாலை 4 மணிக்குள் தங்கள் முடிவு தேவை
>
> வணக்கம் ஐயா,
>
> ஆர்டர் எண் 0417-க்கான 200 பை (பை ஒன்று 26 கிலோ) அம்பை 16 புழுங்கல் அரிசியை 12.11.2024 செவ்வாய் அன்று அனுப்புவதாகச் சொல்லியிருந்தோம். அன்று அனுப்ப முடியவில்லை. அதை முன்கூட்டியே தெரிவிக்காததற்கும் சேர்த்து வருந்துகிறோம்.
>
> இப்போது 140 பை (3,640 கிலோ) கட்டித் தயாராக உள்ளது. மீதி 60 பைக்கான (1,560 கிலோ) நெல் தொடர்மழையால் களத்தில் காயவில்லை. காய்ந்து, அரைத்து, பை கட்ட 18.11.2024 திங்கள் மாலை ஆகும்.
>
> தங்களுக்கு வசதியானதைத் தெரிவிக்க வேண்டுகிறோம்:
>
> அ) 140 பை 14.11.2024 வியாழன் மாலை 6 மணிக்கு இங்கிருந்து புறப்பட்டு, வெள்ளி காலை தங்கள் குடோனுக்கு வரும். 60 பை 19.11.2024 செவ்வாய் மாலை புறப்படும். இரண்டாவது லாரியின் வாடகை எங்களுடையது.
>
> ஆ) 200 பையும் ஒரே லாரியில் 19.11.2024 செவ்வாய் மாலை புறப்பட்டு, புதன் காலை வரும்.
>
> இன்று (13.11.2024) மாலை 4 மணிக்குள் பதில் தந்தால் நாளைய லாரியை உறுதி செய்துவிடுவோம்.
>
> நன்றி.
>
> (பெயர்)
> அலுவலக உதவியாளர்
> (ஆலையின் பெயர், ஊர்)
> (கைபேசி எண்)

நீளம் கூடியிருக்கிறது, ஆனால் அவர் படித்து முடிக்கும் நேரம் குறைந்திருக்கிறது. ‘அ’ என்று ஒரே எழுத்தில் பதில் போட்டால் அவர் வேலை முடிந்தது. தேதியோடு கிழமையும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். தேதியில் ஒரு எண் தவறிப்போனால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். பையோடு கிலோவும் எழுதியது அதே காரணத்துக்குத்தான்: 140-ஐ 26-ஆல் பெருக்கி 3,640 வருகிறதா, இரண்டு பகுதியும் சேர்ந்து 5,200 ஆகிறதா என்று அனுப்புவதற்கு முன் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

மழைன்னு எழுதுனா சாக்கு சொல்லுத மாதிரி இருக்காதா? மன்னிப்பு எத்தனை தடவை கேக்கணும்?

மன்னிப்பு ஒரு தடவை போதும், ஆனால் எதற்கு என்று குறிப்பிட்டு இருக்க வேண்டும். மேலே உள்ள மெயிலில் இரண்டு விஷயத்துக்கு வருத்தம் இருக்கிறது: லோடு போகாதது, அதை முன்னாலேயே சொல்லாதது. மழை நம் கையில் இல்லை, போன் பண்ணாதது நம் கையில் இருந்தது. வாங்குபவருக்கு இரண்டாவதுதான் அதிகம் வலிக்கும், குடோனில் ஆட்களை வரச்சொல்லிக் காத்திருந்திருப்பார்.

மழை எந்த இடத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தது மற்றது. உங்கள் மெசேஜில் ‘லோடு போகல, ஒரே மழை’ என்று அது நடந்ததற்கு நியாயமாக வந்தது. மெயிலில் 60 பைக்குத் திங்கள் மாலை வரை ஏன் ஆகும் என்பதற்கு விளக்கமாக வருகிறது. காரணம் அடுத்த தேதியோடு ஒட்டி நின்றால் அது தகவல், அவருக்கும் அது வேண்டும். ‘ஊரெல்லாம் தண்ணி, கரண்டும் இல்லை, ஆளும் வரவில்லை’ என்று நீட்டினால்தான் சாக்காகிவிடும்.

‘தங்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் சமர்ப்பிப்பது’ன்னு எழுதினாத்தானே மரியாதை?

அது தாலுகா ஆபீஸ் மனுவின் நடை. கடைக்கு எழுதும் மெயிலில் அப்படித் தொடங்கினால் முதல் இரண்டு வரி செய்தி இல்லாமலே போய்விடும். ‘வணக்கம் ஐயா’, ‘தங்கள்’, ‘வேண்டுகிறோம்’ இந்த மூன்றும் போதுமான மரியாதை. படிப்பவர் பெண் என்றால் ‘வணக்கம் அம்மா’ அல்லது ‘வணக்கம் மேடம்’, அந்த அலுவலகத்தில் எது வழக்கமோ அது. யார் படிப்பார் என்று தெரியாவிட்டால் வெறும் ‘வணக்கம்’ போதும்.

போனில் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறோமே, மெயிலில் கூடாதா என்றும் கேட்பார்கள். போனில் அப்படியே கூப்பிடுங்கள், அதில் உள்ள நெருக்கம் நல்லது. ஆனால் முதல் பதிலில் சொன்னதுபோல் மெயில் அவரோடு நிற்காது. கணக்குப் பிரிவில் இருக்கும், உங்களை அறியாத ஒருவர் படிக்கும்போதும் பொருந்துகிற விளிதான் மெயிலுக்கு வேண்டும். கும்பிடும் கைப் படங்களும் அதனால்தான் வேண்டாம். அந்த இடத்தில் ‘நன்றி’ என்று எழுதிவிட்டால் போதும்.

பழைய பில் பணத்தையும் அதே மெயில்ல ஒரு வரி கேட்டா என்ன? ரெண்டு மெயில் எதுக்கு?

நாம் தாமதம் செய்துவிட்டு வருத்தம் சொல்கிற மெயிலில் அவருடைய தாமதத்தைக் கிளப்பினால், வருத்தம் உண்மையில்லை என்றுதான் தோன்றும். அது ஒரு காரணம். இன்னொன்று, இரண்டும் வேறு வேறு ஆட்களுக்குப் போக வேண்டியவை. லோடு மேலாளருக்கு, பணம் கணக்குப் பிரிவுக்கு. ஒரே மெயிலில் இருந்தால் மேலாளர் ‘அ’ என்று பதில் போட்டுவிட்டுப் போவார், பில் வரி யாருக்கும் போய்ச் சேராது.

லோடு போய்ச் சேர்ந்த மறுநாள் தனி மெயில் எழுதுங்கள். அதில் ‘பழைய பில்’ என்று எழுதாமல் பில் எண், தேதி, தொகை, பேசிக்கொண்ட கெடு நாள் நான்கும் இருக்க வேண்டும். உங்கள் ஆலை குறு, சிறு நிறுவனமாகப் பதிவாகியிருந்தால் 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது, ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். இதை முதல் நினைவூட்டலிலேயே எழுதிக் கடைக்காரரை மிரட்டத் தேவையில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

Cc-ல யாரைப் போடணும்? முதலாளியை Bcc-ல போடலாமா?

முதலாளியை Cc-யில் வெளிப்படையாகப் போடுங்கள். இரண்டாவது லாரி வாடகை எங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள், அது அவருக்குத் தெரிந்துதான் எழுதப்பட்டது என்று வாங்குபவருக்குத் தெரிவது நல்லது. Bcc-யில் போட்டால், முதலாளி மறந்துபோய் Reply all கொடுத்துவிடுவார், மறைத்து வைத்தது அங்கே தெரிந்துவிடும். வாங்குபவர் பக்கத்தில் யாரையும் நீங்களாகச் சேர்க்க வேண்டாம். அவருடைய மேலதிகாரியைச் சேர்ப்பது புகார் சொல்வதுபோல் ஆகும்.

மெயில் அனுப்புனேன், அவரு வாட்ஸ்அப்ல ‘அ ஓகே தம்பி’ன்னு போட்டுட்டாரு. இப்ப என்ன செய்ய?

வாட்ஸ்அப்பில் நன்றி சொல்லுங்கள், அவரை மறுபடி மெயில் போடச் சொல்லாதீர்கள். அப்புறம் அதே மெயில் தொடரிலேயே நீங்கள் ஒரு வரி எழுதுங்கள்: ‘இன்று பகல் 2.40-க்கு வாட்ஸ்அப்பில் தெரிவித்தபடி, வழி அ-வின்படி 140 பையை வியாழன் மாலை அனுப்புகிறோம்.’ புது மெயில் தொடங்க வேண்டாம், பழையதற்கே Reply all. ஆர்டரும், தாமதமும், முடிவும் ஒரே இடத்தில் கிடக்கும். போனில் சொன்னாலும் இதே முறைதான்.

4 மணி வரை பதிலே வரவில்லை என்றால் மெயிலில் இன்னொரு நினைவூட்டல் போட்டுக் காத்திருக்காதீர்கள், போன் பண்ணுங்கள். ‘பதில் இல்லையே, அனுப்பிவிடுவோம்’ என்று லாரியை ஏற்றிவிடவும் கூடாது. குடோனில் இடம் இல்லை என்று வண்டி திரும்பினால் அந்த வாடகையும் நம் தலையில்.

செவ்வாய்க்கிழமையும் மழை பேஞ்சா? ‘முயற்சி செய்கிறோம்’னு எழுதிட்டா பாதுகாப்புதானே?

‘முயற்சி செய்கிறோம்’ என்றால் அவர் தன் கடைக்காரர்களிடம் எந்தத் தேதியும் சொல்ல முடியாது. உங்களுக்குப் பாதுகாப்பு, அவருக்குச் சங்கடம். தேதியை உறுதியாக எழுதுங்கள், அது மாறக்கூடும் என்றால் எப்போது தெரியவரும் என்பதையும் எழுதுங்கள். ‘ஞாயிறு வரை வெயில் வராவிட்டால் திங்கள் காலை 10 மணிக்குத் தெரிவிப்போம்’ என்ற ஒரு வரியை 60 பை பற்றிய பத்தியின் முடிவில் சேர்க்கலாம். சேர்த்தால், திங்கள் காலை நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும் மெயில் போயே தீர வேண்டும். அதைச் செய்ய முடியும் என்றால் மட்டும் எழுதுங்கள்.

அக்கா, நான் இப்ப சூப்பர்வைசர். புதுப் பையன் எழுதித் தாரதை நான் திருத்துனா அவன் எழுதுனதுல ஒரு வரியும் மிஞ்ச மாட்டேங்கு. அவன் முகம் வாடிப்போவுது. நானே எழுதிரலாமா?

எழுதிக் கொடுத்தால் இன்றைக்கு வேலை முடியும், அடுத்த மழைக்கும் உங்களிடமே வருவான். முதல் தடவை அவனுடைய மெசேஜை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே திருச்சிக்காரர் கேட்கப்போகிற கேள்வியை மட்டும் எழுதிக் கொடுங்கள். ‘140’ எதிரே ‘என்ன? எத்தனை கிலோ?’ ‘நாளைக்கு’ எதிரே ‘எந்தக் கிழமை?’ ‘கண்டிப்பா’ எதிரே ‘யாரிடம் கேட்டாய்?’ திருத்தம் எதுவும் போடாதீர்கள். பதில்களைத் தேடி அவனே மேஸ்திரியிடமும் லாரி ஆபீஸுக்கும் போய்வரட்டும்.

திரும்பி வந்து எழுதும் இரண்டாவது பிரதியில் நடையைத் தொடாமல், தேதி, அளவு, வாடகை மூன்றை மட்டும் சரிபாருங்கள். வாக்கியம் கொஞ்சம் கரடாக இருந்தாலும் இந்த மூன்றும் சரியென்றால் அவன் பெயரிலேயே அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பெயர் Cc-யில் இருக்கட்டும்.